வைவா கேள்விகளை உங்கள் ரிப்போர்ட்டிலிருந்தே எடுப்பது எப்படி?

வைவாவில் தேர்வாளர் பெரும்பாலும் உங்கள் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டேதான் கேள்வி கேட்பார். அவர் கண் எந்த வரியில் நிற்கும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம்.

படி 1: அடிக்கோடு. ரிப்போர்ட்டை அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். எண்கள், நீங்களாகத் தேர்ந்தெடுத்தவை (அல்காரிதம், சென்சார், மாதிரி அளவு), 'சிறப்பாக', 'வேகமாக' போன்ற சொற்கள் ஆகிய மூன்றையும் அடிக்கோடிடுங்கள்.

படி 2: ஓரத்தில் கேள்வி. எண் என்றால் 'இது எப்படி வந்தது?' தேர்வு என்றால் 'ஏன் இது, மற்றது ஏன் இல்லை?' 'சிறப்பாக' என்றால் 'எதைவிட?'

ஓர் உதாரணம். ஸ்பேம் மின்னஞ்சலைப் பிரிக்கும் புராஜெக்ட். ரிப்போர்ட்டில் 'துல்லியம் 94%' என்று இருக்கிறது. சோதித்த 1000 மின்னஞ்சல்களில் 900 நல்லவை, 100 ஸ்பேம். விவரமான தேர்வாளர் இங்கே விடமாட்டார்: "எல்லாமே நல்லவை என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 90% வருமே, உங்கள் மாடல் என்ன பெரிதாகச் செய்தது?"

இதற்குப் பதில் 94-க்குள் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் அட்டவணையில் இருக்கிறது. அதில் 100 ஸ்பேமில் 60 பிடிபட்டது, 40 தப்பியது, 20 நல்ல மின்னஞ்சல் தவறாக மாட்டியது என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தவறு 60, அதனால்தான் 94%.

படி 3: பேசும் பதில். முதல் வாக்கியத்திலேயே நேரான பதில், அப்புறம் ஆதாரம், கடைசியில் வரம்பு. அரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இப்படி:

"ஆமாம் சார், 94% மட்டும் பார்த்தால் போதாது. ஸ்பேமை மட்டும் எடுத்தால் 100-க்கு 60-ஐப் பிடித்தது. ஸ்பேம் என்று அது சொன்ன 80-ல் 60 சரி, அதாவது 75%. 40 தப்பியதுதான் இதன் குறை. பயிற்சித் தரவில் ஸ்பேம் குறைவாக இருந்தது காரணமாக இருக்கலாம், ஆனால் அதைத் தனியாகச் சோதிக்கவில்லை."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். சோதிக்காததைச் சோதித்ததுபோலச் சொன்னால் அடுத்த கேள்வியே அதில்தான் வரும்.

படி 4: தொடர் கேள்வி. உங்கள் பதிலில் வரும் புதிய சொல் ஒவ்வொன்றும் அடுத்த கேள்வி. மேலே உள்ள பதிலுக்கு 'பயிற்சித் தரவில் ஸ்பேம் எத்தனை?', 'ஸ்பேமைக் கூட்டினால் என்ன மாறும்?' என்று வரும். இரண்டு சுற்று எழுதினால் போதும். விளக்கத் தெரியாத சொல்லைப் பதிலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

படி 5: வாய்விட்டுச் சொல்வது. பதிலை முழுதாக மனப்பாடம் செய்ய வேண்டாம். கேள்வி சற்று மாறினாலே தடுமாறும். பக்க எண்ணையும் மூன்று குறிப்புச் சொற்களையும் மட்டும் ஒரு அட்டையில் எழுதுங்கள்: 'ப. 38, 60/100, 60/80, தரவு குறைவு'. அதைப் பார்த்துப் பேசி, போனில் பதிவு செய்து கேளுங்கள். ஒரே இடத்தில் மறுபடி மறுபடி இழுத்தால், அந்தப் பக்கம் உங்களுக்கு இன்னும் புரியவில்லை. பதிலைத் திருத்தாமல் அந்தப் பக்கத்தைத் திரும்பப் படியுங்கள்.