சட்டவிரோத உடன்பாட்டில் கொடுத்த பணம்: திரும்பக் கேட்போர் செய்யும் தவறுகள்

உடன்பாடு செல்லாது என்று ஆகிவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தந்துதான் ஆக வேண்டும் என்ற நம்பிக்கையோடு வழக்குத் தொடுப்போர், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவையே பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறார்கள். உடன்பாடு செல்லாதது எனக் 'கண்டறியப்படும்போது' பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அப்பிரிவு. அந்தச் சொல்லைக் கவனிக்காமல் தாண்டிவிடுவதுதான் முதல் தவறு. தொடக்கத்திலேயே தெரிந்திருந்த ஒன்றைப் பிறகு 'கண்டறிந்தேன்' என்று சொல்ல முடியாது.

குஜு கோலியரீஸ் வழக்கில் (1974) உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. கனிம விதிகளுக்கு முரணான சுரங்கக் குத்தகைக்காகக் கொடுத்த பணத்தை ஒரு நிறுவனம் திரும்பக் கேட்டது. சுரங்கத் தொழிலிலேயே இருந்த, வழக்கறிஞர்களின் ஆலோசனை பெறும் வாய்ப்பும் இருந்த நிறுவனத்துக்கு அந்தத் தடை தெரியாமல் இருந்திருக்காது என்று கருதிய நீதிமன்றம் கோரிக்கையை ஏற்கவில்லை. தொழிலில் பழுத்தவர் 'தெரியாது' என்று சொல்வது எவ்வளவு பலவீனமான வாதம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பும் தவறு செய்தது என்பதால் நம் கை சுத்தமாகிவிடும் என்று எண்ணுவது அடுத்த தவறு. 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் 2008-இல் தரப்பட்ட உரிமங்களை 2012-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, 21 தொலைத்தொடர்பு வட்டங்களுக்கான உரிமங்களை இழந்த லூப் டெலிகாம் நிறுவனம், தான் செலுத்திய சுமார் 1,454 கோடி ரூபாய் நுழைவுக் கட்டணத்தைக் கேட்டது. குற்ற வழக்கில் விடுதலை கிடைத்ததையும் அது சுட்டிக்காட்டியது. ஆனால் விதிமீறலில் அரசுத் துறையோடு நிறுவனமும் சம பங்காளி என்பதால் பணம் திரும்பாது என்று 2022-இல் தீர்ப்பு வந்தது. குற்றவாளி அல்ல என்ற தீர்ப்பு ஒன்று, உடன்பாட்டில் சம பங்கு இல்லை என்பது வேறொன்று.

கைமாற்றாகக் கொடுத்ததுபோல புரோநோட்டு எழுதி வாங்கிக்கொள்வதும் காப்பாற்றாது. உரிமத்தைக் கைமாற்றத் தடை இருக்கும் ஒரு குவாரிக்காக 12 லட்சம் கொடுத்தவர், அதையே கடனாகக் காட்டி வழக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு உண்மைப் பரிமாற்றத்தை நிரூபித்துவிட்டால், அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, உடன்பாட்டுக்கு ஈடாகத் தரப்படும் கைமாறுபொருளே சட்டவிரோதமாகி, நோட்டும் அதனோடு விழுந்துவிடும்.

இவரால் பணத்தை மீட்க முடியுமா என்றால், குவாரி வேலை தொடங்கிய பிறகல்ல, சட்டவிரோத நோக்கம் கணிசமாக நிறைவேறும் முன்பே விலகியிருந்தால் வாய்ப்பு உண்டு. மோசடியாலோ வற்புறுத்தலாலோ சிக்கியவர் சம குற்றவாளியாகக் கருதப்படுவதில்லை என்பது இன்னொரு விதிவிலக்கு. இரண்டுக்கும் சான்று தேவை. விலகிய தேதியைக் காட்டும் கடிதமோ வழக்கறிஞர் நோட்டீசோ இல்லாமல், 'நான் அப்போதே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்' என்று கூண்டில் ஏறிச் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு வழக்கை நடத்துவது கடினம்.