முத்த நோய்க்குப் பின் மைதானத்துக்குத் திரும்புவது எப்போது?

பதின்ம வயதினருக்குத் தொண்டைவலி ஒரு வாரம் கடந்தும் தணியாமல், கழுத்தின் பின்புறம் நெறிகட்டி, கடும் அசதியும் சேர்ந்திருந்தால், எச்சில் வழியே பரவும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றான ‘முத்த நோயா’ என்று மருத்துவரிடம் கேட்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. (ஒரே குவளையில் நீர் பருகினாலும் இது தொற்றக்கூடும் என்பதால், பெயரைக் கேட்டுப் பிள்ளையைச் சந்தேகிக்க வேண்டாம்.)

இந்நோயில் மண்ணீரல் பெரிதாகி மென்மையாகிவிடுவதால், அடிபட்டால் மட்டுமன்றி, அரிதாக அடிபடாமலேயே கூட அது கிழிந்து வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம். முதல் 3 வாரங்களில்தான் இந்த ஆபத்து மிகுதி. நாள்களைப் பரிசோதனை முடிவு வந்த தேதியிலிருந்து அல்ல, முதல் அறிகுறி தோன்றிய நாளிலிருந்து எண்ண வேண்டும். எனவே ஜூன் 1 அன்று காய்ச்சல் தொடங்கிய கபடி வீரர் ஒருவர், பத்தே நாளில் தேறிவிட்டதாக உணர்ந்தாலும், ஜூன் 22 வரை ஓட்டம், எடைதூக்கல் எதிலும் இறங்கக் கூடாது. அதன்பின் காய்ச்சலும் அசதியும் நீங்கியிருந்தால் மெல்லோட்டத்தில் தொடங்கலாம். பிடித்து வீழ்த்தும் ஆட்டத்துக்கோ குறைந்தது 4 வாரங்களும் மருத்துவரின் ஒப்புதலும் தேவை. இடையில் இடது விலாவின் கீழோ இடது தோளிலோ திடீர் வலியோ, தலைசுற்றலோ ஏற்பட்டால், தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.