பாட்காஸ்ட் ஃபீட் முகவரியை ஒட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024-ல் கூகுள் பாட்காஸ்ட்ஸ் மூடப்பட்டபோது பலர் யூடியூப் மியூசிக்குக்கு மாறினார்கள். தேடலில் கிடைக்காத நிகழ்ச்சியை அங்கே அதன் RSS ஃபீட், அதாவது எபிசோடுகளின் பட்டியல் இருக்கும் கோப்பின் முகவரியை ஒட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். வழி எளிதுதான், ஆனால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். இணையதளத்தின் முகப்பு முகவரியை ஒட்டுவது, கடைசி எழுத்தை விட்டுவிடுவது போன்றவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவற்றை ஆப்பே ஏற்காது. எரிச்சலூட்டுவது, ஆப் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்ளும் தவறு.

செத்துப்போன ஃபீடைச் சேர்ப்பது

அலுவலகத்தில் ஒரு தம்பி, வரலாறு பேசும் பாட்காஸ்ட் ஒன்றின் முகவரியை ஏதோ தொகுப்புத் தளத்தில் கண்டு ஒட்டியிருந்தார். படம் வந்தது, எபிசோடுகள் வந்தன, எல்லாம் பாடின. பல மாதங்கள் கழித்து, "நல்ல நிகழ்ச்சிண்ணே, பாவம் நிறுத்திட்டாங்க" என்றார். நிறுத்தவே இல்லை. அந்த வாரம்கூட ஒரு எபிசோட் வந்திருந்தது. அவரிடம் இருந்தது பழைய ஃபீட்.

நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் ஒலிக்கோப்புகளை வைத்திருக்கும் சேவையை மாற்றும்போது ஃபீட் முகவரியும் மாறிவிடும். பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடுவது அவர்கள் பொறுப்பு. அதைச் செய்யாவிட்டாலோ, கொஞ்ச நாளில் எடுத்துவிட்டாலோ, பழைய ஃபீட் சில சமயம் அப்படியே உறைந்து நிற்கும். அதில் பிழை எதுவும் இல்லாததால் ஆப்புக்கும் சந்தேகம் வராது. பிழைச் செய்தி வந்திருந்தால் தம்பி அன்றே வேறு முகவரி தேடியிருப்பார்.

ஒட்டுவதற்கு முன் முகவரியை கணினி பிரவுசரில் திறந்து பாருங்கள். வெறும் எழுத்தாகக் கொட்டும், பயப்பட வேண்டாம். `<item>` என்று தொடங்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு எபிசோட். பெரும்பாலும் புதியதுதான் மேலே இருக்கும். அதற்குள் `<pubDate>` என்ன தேதி காட்டுகிறது என்று பாருங்கள். மேலே `<lastBuildDate>` என்று இன்னொரு தேதி இருக்கலாம், அதை நம்பாதீர்கள். சில சேவைகள் ஃபீடை ஒவ்வொரு முறை உருவாக்கும்போதும் அன்றைய தேதியையே அதில் போட்டுவிடும். `<itunes:new-feed-url>` என்ற வரி கண்ணில் பட்டு, நீங்கள் திறந்ததிலிருந்து வேறு முகவரி அதில் இருந்தால், புதிய வீடு அதுதான்.

தேதி பழையதாக இருந்தால் சரியான முகவரியை ஆப்பிளிடம் கேட்கலாம், ஐபோன் தேவையில்லை. அந்த நிகழ்ச்சியின் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் பக்க முகவரியில் `id` என்ற எழுத்துகளுக்குப் பின் ஒரு நீண்ட எண் இருக்கும். அந்த எண்ணை மட்டும் எடுத்து இப்படிப் போடுங்கள்:

```
https://itunes.apple.com/lookup?id=எண்&country=in
```

பிரவுசர் சின்னதாக ஒரு உரைக்கோப்பை இறக்கலாம். அதில் `feedUrl` என்பதற்கு எதிரே இருப்பதுதான் நிகழ்ச்சிக்காரர்கள் ஆப்பிளுக்குக் கொடுத்திருக்கும் முகவரி. தம்பி விஷயத்தில் இரண்டு முகவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுமே தெரிந்துவிட்டது, தளத்தின் பெயரே வேறு. பழையதை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்த்தோம். ஒன்று கவனியுங்கள்: பக்க முகவரியின் கடைசியில் `?i=` என்று வரும் எண் ஒரு எபிசோடுக்கு உரியது, அதை எடுத்தால் ஃபீட் கிடைக்காது.

`resultCount` பூஜ்யம் என்று வந்தால், எண் தவறு, அல்லது அந்த நாட்டுப் பட்டியலில் அந்த நிகழ்ச்சி இல்லை. `in` என்பதற்குப் பதில் `us` போட்டுப் பாருங்கள்.

வலைப்பதிவின் ஃபீடை ஒட்டுவது

வேர்ட்பிரஸ் தளங்களில் முகவரியோடு `/feed/` சேர்த்தால் ஏதோ ஒரு ஃபீட் வந்துவிடும். ஆனால் அது கட்டுரைகளுக்கானதாக இருக்கலாம். `<enclosure` என்ற வரியும் அதில் ஒலிக்கோப்பின் முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதில் கேட்க ஒன்றும் இல்லை. பாட்காஸ்ட் ஃபீட் பல தளங்களில் `/feed/podcast` என்ற இடத்தில் இருக்கும்.

இல்லாத ஃபீடைத் தேடுவது

ஒரே ஆப்பில் மட்டும் வெளியாகும் நிகழ்ச்சிக்குப் பொது ஃபீட் கிடையாது. விட்டுவிடுங்கள்.

சந்தா முகவரியின் வாலை வெட்டுவது

பேட்ரியான் போன்ற இடத்தில் பணம் கட்டியவர்களுக்கு வரும் ஃபீட் முகவரியின் முடிவில் `?auth=` என்று ஒரு நீளமான வால் இருக்கும். மற்ற இணைப்புகளில் வரும் கண்காணிப்புக் குப்பை என்று நினைத்து அதை வெட்டுகிறார்கள். நீங்கள் பணம் கட்டியவர் என்பதற்கு அதுதான் சாவி.

அதே முகவரியை வாட்ஸ்அப் குழுவில் போடுவது

சாவி உங்கள் பெயரில் இருக்கிறது. பலரும் பயன்படுத்துவது தெரியவந்தால் முடக்கப்படுவது உங்கள் ஃபீட்.