30 இடத்துக்கு எத்தனை பேரை ஷிப்ட் சார்ட்டில் போடுவது? வருகைப் பதிவேட்டிலிருந்து கணக்குப் போடும் முறை

ஸ்பின்னிங் மில் டைம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். காலை ஷிப்டில் ஆள் பத்தவில்லை என்று சூப்பர்வைசர் தினமும் வந்து நிற்பார், நாமும் தினமும் பதிலி ஆட்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்போம். எத்தனை பேர் வராமல் போவார்கள் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டு சார்ட்டில் சேர்த்துவிட்டால் இந்த ஓட்டத்தில் பாதி குறையும்.

நான் போட்ட ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். எண்களைப் புரிவதற்காகக் கொஞ்சம் வட்டமாக்கியிருக்கிறேன். ஒரு ஷிப்ட், ஸ்பின்னிங் ஃபிரேம் பார்க்கிற சைடர், நிரம்பிய பாபினைக் கழற்றுகிற டாஃபர் எல்லாம் சேர்த்து நிரப்ப வேண்டிய இடம் 30. மில் வாரம் 7 நாளும் ஓடுகிறது, ஆளுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு, அதுவும் சுழற்சியில். அப்படியென்றால் ஒருவர்கூட லீவு போடாவிட்டாலும் 30 × 7 ÷ 6, அதாவது 35 பேர் தேவை. இந்த 35 வார ஓய்வுக்கு மட்டும்தான், ஆப்சென்டுக்கு இன்னும் ஒன்றுமே வைக்கவில்லை. பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலில் பதிவேட்டைச் சுத்தம் செய்யுங்கள்

28 நாள் மஸ்டரை எடுத்தேன் (மாதக் கணக்கு வேண்டாம், முழு வாரங்களாக எடுத்தால்தான் வார ஓய்வு சரியாக வகுபடும்). அதில் 36 பேர் இருந்தார்கள், 150 ஆப்சென்ட். ஆளுக்கு 24 நாள் வேலை நாள், ஆக 864 ஷிப்டில் 150, சதவீதம் 17.4 வந்தது. ரொம்ப அதிகமாக இருக்கிறதே என்று வரிவரியாகப் பார்த்தால், ஒரு வரியில் வேலை நாள் 24லும் A. விசாரித்தால் அந்த ஆள் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பவே இல்லை, பெயரை யாரும் அடிக்கவில்லை. அவரை எடுத்துவிட்டால் 35 பேர், 840 ஷிப்ட், 126 ஆப்சென்ட், சரியாக 15 சதவீதம். ஒரே ஒரு பெயரால் அவ்வளவு வித்தியாசம்! பிரசவ விடுப்பு, விபத்து மாதிரி நீண்ட நாள் வராதவர்களையும் இப்படியே வெளியே எடுத்துவிடுங்கள், அவர்கள் இடத்துக்குத் தனியாக ஆள் போட வேண்டுமே தவிர சதவீதத்துக்குள் கொண்டுவரக் கூடாது.

அனுமதி வாங்கிய லீவு, சொல்லாமல் நின்றது இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். யார்மேல் நடவடிக்கை என்பது வேறு விஷயம். லீவு லெட்டர் கொடுத்துவிட்டு நின்றாலும் ஃபிரேம் முன்னால் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எக்செல்லில் C முதல் AD வரை 28 நாள், 5 முதல் 39 வரை 35 பேர் என்று வைத்தால்:

```
AE5: =COUNTIF(C5:AD5,"A")+COUNTIF(C5:AD5,"L")
AF5: =COUNTA(C5:AD5)-COUNTIF(C5:AD5,"WO")-COUNTIF(C5:AD5,"WP")
AE40: =SUM(AE5:AE39)/SUM(AF5:AF39)
C41: =COUNTIF(C5:C39,"A")+COUNTIF(C5:C39,"L")
```

AE5, AF5 இரண்டையும் 39ஆவது வரி வரை கீழேயும், C41ஐ AD வரை பக்கவாட்டிலும் இழுத்துவிடுங்கள். A சொல்லாமல் நின்றது, L அனுமதி வாங்கிய லீவு, WO வார ஓய்வு. ஓய்வு நாளில் கூப்பிட்டதால் வந்து வேலை பார்த்தவருக்கு WP. இதையும் வெறும் P என்று போட்டுவிட்டால் வகுக்கும் எண் பெருத்து, சதவீதம் குறைந்து தெரியும். AF பத்தியில் எல்லாருக்கும் 24 வருகிறதா என்று பாருங்கள், 25, 26 என்று வந்தால் யாரோ அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம், கூட்டுவதில் ஒரு பொறி

15 சதவீதம் ஆப்சென்ட், அதனால் 35க்கு மேல் 15 சதவீதம் கூட்டி 40 பேர் போதும் என்றுதான் முதலில் எல்லாருக்கும் தோன்றும். போதாது. கூடுதலாகச் சேர்த்தவர்களும் மனிதர்கள்தானே, அவர்களும் அதே அளவு லீவு போடுவார்கள். 40 பேர் × 24 நாள் = 960, அதில் 85 சதவீதம் 816தான், நமக்கு வேண்டியது 840. அதனால் பெருக்காமல் வகுக்க வேண்டும்: 35 ÷ 0.85 = 41.2, மேலே ஏற்றினால் 42.

சரி, 42 பேரைக் கேட்டு மேனேஜரிடம் போகலாமா? நான் போனேன், திட்டு வாங்கினேன், நியாயமான திட்டுதான்.

சராசரியை நம்பாமல் நாள்வாரியாகப் பாருங்கள்

C41 வரிசையைப் பார்த்தால் தெரியும். சராசரி ஒரு நாளைக்கு 4.5 பேர், ஆனால் 28 நாளில் 18 நாள் 2 முதல் 4 பேர்தான் நின்றிருக்கிறார்கள், 6 நாள் 5 அல்லது 6 பேர். மீதி 4 நாள்தான் கணக்கைத் தூக்கியது: சம்பளம் போட்டதற்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் 8 பேர், இரண்டு முகூர்த்த நாளில் 10 பேர்.

42 பேர் இருந்தால் தினமும் 36 பேர் சார்ட்டில் வருவார்கள். முகூர்த்தத்தன்று மூன்றில் ஒரு பங்கு நின்றுவிட்டால் 24 பேர், அப்போதும் 6 இடம் காலி. மற்ற நாளில் இரண்டு பேர் சும்மா நிற்பார்கள். ஆக, அந்த 4 நாளைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். மிச்ச 24 நாளில் 720 ஷிப்டுக்கு 90 ஆப்சென்ட், 12.5 சதவீதம். 35 ÷ 0.875 = 40. இதுதான் நிரந்தரமாக வைக்க வேண்டிய எண்ணிக்கை.

அந்த 40 பேரை நாட்களுக்குப் பிரிப்பதிலும் விஷயம் இருக்கிறது. எங்கள் மஸ்டரில் 5, 6 பேர் நின்ற நாட்களில் பெரும்பாலானவை திங்கட்கிழமை. வாரத்தில் கொடுக்க வேண்டிய ஓய்வு 40. திங்களன்று 4 பேருக்கும் மற்ற ஆறு நாளும் 6 பேருக்கும் கொடுத்தால் திங்கள் 36 பேர், மற்ற நாள் 34 பேர் சார்ட்டில் இருப்பார்கள். ஒரு ஆளைக்கூடக் கூட்டாமல் திங்கள் பிரச்சினை ஏறக்குறைய தீர்ந்தது. ஒருவேளை எல்லாரும் வந்துவிட்டால் அன்று மெஷின் கிளீனிங்கையோ, டாஃபரைச் சைடர் வேலைக்குப் பழக்குவதையோ வைத்துக்கொள்ளலாம்.

முகூர்த்த நாளுக்குக் காலண்டரைப் பார்த்து ஒரு வாரம் முன்னாலேயே "யாருக்குக் கல்யாணம், காதுகுத்து இருக்கு?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 40 பேரில் 13 பேர் நிற்பார்கள் என்று வைத்தால் அன்றைய 6 வார ஓய்வையும் அவர்களுக்கே மாற்றிக் கொடுங்கள். மீதி 34 பேரில் 7 பேர் நின்றாலும் 27 பேர் இருப்பார்கள், மூன்று பதிலி போதும். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் 7 பேர் தேட வேண்டியிருக்கும். ஓய்வை மாற்றும்போது ஒருவர் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வேலைக்கு வருகிற மாதிரி ஆகிவிடக் கூடாது, 2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம் 52ஆம் பிரிவில் வைத்திருந்த வரம்பு அது. தீபாவளி, பொங்கல் வாரங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், அதற்குத் தனி ஏற்பாடுதான்.

28 நாள் என்பது கணக்கைக் காட்டுவதற்காக எடுத்தது. நீங்கள் குறைந்தது 12 வார மஸ்டரை எடுங்கள், இல்லாவிட்டால் ஒரு காய்ச்சல் சீசனே சதவீதத்தை ஏற்றிவிடும். அப்புறம் 6 பேர் மட்டும் இருக்கிற சின்ன செக்‌ஷனுக்குத் தனியாக இந்தக் கணக்கைப் போட்டால் முக்கால் ஆள், ஒன்றேகால் ஆள் என்று வரும். பக்கத்து செக்‌ஷனோடு சேர்த்துப் போட்டு, இரண்டு வேலையும் தெரிந்த ஒருவரை ரிலீவராக வையுங்கள்.

புது சார்ட் ஓட ஆரம்பித்த பிறகு இரண்டை மட்டும் எழுதி வாருங்கள்: 30 இடம் நிரம்பாத நாட்கள் எத்தனை, இரட்டை ஷிப்ட் பார்த்தவர்கள் எத்தனை பேர். முதல் எண் குறைந்து இரண்டாவது எண் ஏறினால் சார்ட் சரியாகவில்லை, வந்தவர்கள் தலையிலேயே சுமையை ஏற்றியிருக்கிறோம், அடுத்த மாத ஆப்சென்டில் அது தெரிந்துவிடும்.