அதே 40 சீட், கூடுதல் ஆட்கள்: சின்ன டேபிள், பெரிய டேபிள் கணக்கு

வாசலில் எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் எல்லா டேபிளிலும் ஆள் இருக்கிறது, ஆனால் பாதி நாற்காலிகள் காலி. நாலு பேர் டேபிளில் இருவர் உட்கார்ந்தால் மீதி இரண்டு சீட்டும் அவர்கள் எழும்வரை முடங்கிப்போகும். உணவகத்தில் 'இடம் போதவில்லை' என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இதைச் சரிசெய்ய வரும் குழுக்களின் அளவையும் ஒரு டேபிள் திரும்பக் கிடைக்க ஆகும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கீழே 40 சீட், அதாவது பத்து நாலு பேர் டேபிள் உள்ள ஓர் அறையை வைத்து வழி சொல்கிறோம். எண்கள் கணக்கு புரிவதற்காக எடுத்தவை. உங்கள் எண்களை நீங்களே எழுத வேண்டும்.

படி 1: ஒரு வாரம் எழுதுங்கள்

கூட்டம் அதிகமாக இருக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் ஒரு தாள் போதும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வரி: எத்தனை பேர், உட்கார்ந்த நேரம், ஆர்டர் சொன்ன நேரம், சாப்பாடு வந்த நேரம், பில் கேட்ட நேரம், எழுந்த நேரம், டேபிள் துடைத்துத் தயாரான நேரம்.

கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். டேபிள் நேரம் என்பது ஆள் எழுந்ததோடு முடிவதில்லை. அடுத்தவர் உட்காரத் தயாராகும்போதுதான் முடிகிறது.

இன்னொன்றும் எழுத வேண்டும்: காத்திருந்து பொறுமையிழந்து போய்விட்ட குழுக்கள், அவற்றில் எத்தனை பேர் என்பதோடு. உட்கார்ந்தவர்களை மட்டும் எண்ணினால், இப்போதைய டேபிள்கள் யாரை ஏற்றுக்கொண்டனவோ அவர்கள் மட்டும்தான் கணக்கில் வருவார்கள். ஆறு பேர் குழுக்கள் தினமும் திரும்பிப் போனாலும் தாளில் 'ஆறு பேர் யாரும் வருவதில்லை' என்றே இருக்கும்.

படி 2: குழு அளவு வாரியாக நேரத்தைப் பிரியுங்கள்

எல்லாருக்கும் சேர்த்து ஒரே சராசரி எடுக்காதீர்கள். இரண்டு பேர் சீக்கிரம் முடிப்பார்கள், ஆறு பேர் ஆர்டர் சொல்லவே நேரம் எடுப்பார்கள். நம் எடுத்துக்காட்டில் 100 குழுக்களுக்கு இப்படி இருக்கட்டும்:

- ஒருவர் அல்லது இருவர்: 60 குழுக்கள், 40 நிமிடம்
- மூவர் அல்லது நால்வர்: 30 குழுக்கள், 50 நிமிடம்
- ஐவர் அல்லது அறுவர்: 10 குழுக்கள், 65 நிமிடம்

ஒரே ஒரு குழு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் சராசரி வீங்கிவிடும். நேரங்களை வரிசையாக அடுக்கி நடுவில் வருவதை எடுப்பதே நல்லது.

படி 3: இப்போது எவ்வளவு வீணாகிறது?

பத்து டேபிள், 120 நிமிடம்: கையில் இருப்பது 1200 டேபிள்-நிமிடம். பெரிய குழுவுக்கு இரண்டு டேபிளைச் சேர்த்துப் போட வேண்டும். எனவே 100 குழுக்களுக்குத் தேவை 2400 + 1500 + 1300 = 5200 டேபிள்-நிமிடம். இதன்படி இரண்டு மணி நேரத்தில் 23 குழுக்கள். ஒரு குழுவுக்குச் சராசரியாக 2.7 பேர் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 62 பேர்.

படி 4: புதிய கலவை

இப்போது ஒவ்வொரு குழுவுக்கும் அதன் அளவுக்கேற்ற டேபிள் இருந்தால் எத்தனை சீட்-நிமிடம் வேண்டும் என்று பாருங்கள். குழுக்கள், நிமிடம், டேபிளின் சீட் மூன்றையும் பெருக்க வேண்டும்:

```
60 × 40 × 2 = 4800
30 × 50 × 4 = 6000
10 × 65 × 6 = 3900
மொத்தம்      = 14700
```

40 சீட்டை இந்த விகிதத்தில் பிரித்தால் சின்னவற்றுக்கு 13, நடுத்தரத்துக்கு 16, பெரியவற்றுக்கு 11 சீட் வருகிறது. ஆக, ஆறு இருவர் டேபிள், நான்கு நால்வர் டேபிள், இரண்டு அறுவர் டேபிள். மொத்தம் அதே 40.

அறுவர் டேபிளைத் தனியாக வாங்க வேண்டியதில்லை. மூன்று இருவர் டேபிளை ஒட்டினால் பக்கத்துக்கு மூவராக ஆறு பேர் உட்காரலாம். ஆகவே வேண்டியது 12 இருவர் டேபிளும் 4 நால்வர் டேபிளும்தான். அவற்றில் ஆறு இருவர் டேபிள்கள் மூன்று மூன்றாக அருகருகே இருக்க வேண்டும்.

முழுக் குழுக்களாக எண்ணினால் இது இரண்டு மணி நேரத்தில் 18 சின்னக் குழு, 9 நடுத்தரம், 3 பெரியது: அதே சராசரிப்படி சுமார் 81 பேர். இது தாளில் வரும் எண். எல்லாரும் சரியான நிமிடத்தில் வருவதில்லை, எனவே நடப்பில் இதைவிடக் குறையும். ஆனால் பழைய கணக்கும் அப்படியே குறையும்.

படி 5: தரையில் போட்டுப் பாருங்கள்

இருவர் டேபிள் 60 × 75 செ.மீ., நால்வர் டேபிள் 120 × 75 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆழம் இரண்டுக்கும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். இல்லையென்றால் ஒட்டும்போது விளிம்பு படிக்கட்டுப் போல நிற்கும். உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். சில மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் இணைப்பில் வைத்த டம்ளர் சாயும். நடுவில் ஒரே கால் உள்ள டேபிள்களை ஒட்டினால் முழங்கால் இடிக்காது. நான்கு கால் டேபிள்களை ஒட்டினால் நடுவில் உட்காருபவருக்குக் கால் வைக்க இடமிருக்காது.

சுவரோரம் நீள பெஞ்சு போட்டால் இடம் மிச்சமாகும். ஆறு நால்வர் டேபிளை 60 செ.மீ. இடைவெளியில் வரிசையாகப் போட்டால் 10.2 மீட்டர். அவற்றுக்குப் பதில் 12 இருவர் டேபிளை 30 செ.மீ. இடைவெளியில் போட்டால் 10.5 மீட்டர். வித்தியாசம் வெறும் 30 செ.மீ. ஒரு தூண் குறுக்கே வந்தால் ஒரு டேபிளை விட்டுவிடுங்கள். அதை நடைபாதையில் தள்ளினால் தட்டோடு வரும் சர்வர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள், எல்லா டேபிளும் தாமதமாகும். டேபிளை ஒட்டியபின் அது அவசர வழியை மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 6: எங்கே யாரை உட்கார வைப்பது

கலவை சரியாக இருந்தும் பலன் வராமல் போவது பெரும்பாலும் இங்கேதான். முதலில் வந்த இருவர், மூன்று டேபிள் கொண்ட தொகுப்பின் நடு டேபிளைப் பிடித்துவிட்டால், அடுத்து வரும் ஆறு பேருக்கு இரு பக்கமும் காலி, ஆனால் சேர்க்க வழியில்லை. ஆகவே இருவர் வந்தால் முதலில் தனி டேபிள்களை நிரப்புங்கள். அவை தீர்ந்தபிறகு ஒரு தொகுப்பை மட்டும் ஓரத்திலிருந்து நிரப்புங்கள். மற்றத் தொகுப்பு முழுசாகக் காலியாக இருக்கட்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வராத ஆறு பேருக்காக மூன்று டேபிளை இருபது நிமிடம் காலியாக வைப்பது. உங்கள் தாளில் பெரிய குழுக்கள் எந்த நேரத்தில் வந்தன என்று பாருங்கள். அந்த நேரம் கடந்துவிட்டால் இருவருக்குக் கொடுத்துவிடலாம்.

எல்லா டேபிளையும் சேர்க்கும்படி வைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். சின்ன அறையில் அது உதவும். டேபிள்கள் அதிகமுள்ள பெரிய அறையில், ஒரு டேபிள் காலியானதும் பக்கத்து டேபிளுக்காகக் காத்திருக்கும் நேரம்தான் கூடும். அங்கே ஒவ்வோர் அளவுக்கும் நிரந்தர டேபிள் வைப்பதே மேல்.

படி 7: நேரத்தைச் சாப்பாட்டில் குறைக்காதீர்கள்

தாளில் உள்ள இடைவெளிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சாப்பிடும் நேரத்தில் கைவைத்தால் அவசரப்படுத்துகிறார்கள் என்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். பில் கேட்டதிலிருந்து எழும்வரை, எழுந்ததிலிருந்து துடைக்கும்வரை ஆகும் நேரத்தை யாரும் விரும்பிச் செலவிடுவதில்லை. இரண்டும் சேர்ந்து 12 நிமிடம் ஆகிறதென்றால், பில்லை டேபிளுக்கே கொண்டுவந்து பணம் வாங்கி, துடைப்பதற்கென ஒருவரை ஒதுக்கினால் 7 நிமிடமாக்கலாம். நமது கணக்கில் இருவர் டேபிளின் 40 நிமிடம் அப்போது 35 ஆகும். இதுவரை மூன்று தடவை ஆள் மாறிய டேபிளுக்கு 15 நிமிடம் மிஞ்சும். அது ஒரு முழுச் சுற்றாகாது. ஆனால் வாசலில் நிற்கும் வரிசை சீக்கிரம் நகரும்.

ஆர்டர் சொன்னதிலிருந்து சாப்பாடு வரும்வரை ஆகும் நேரம், புதிய கலவைக்குப் பிறகு கூடுகிறதா என்று அடுத்த வாரமும் எழுதிப் பாருங்கள். கூடினால் தடை இனி டேபிளில் இல்லை, கிச்சனில் இருக்கிறது. ஒரே நேரத்தில் ஆறு டேபிளில் ஆளை உட்கார வைக்காமல் இரண்டு மூன்று நிமிட இடைவெளி விட்டு உட்கார வையுங்கள். அதற்கும் குறையவில்லையென்றால், கிச்சன் சரியாகும்வரை ஓரிரு டேபிளைக் காலியாகவே விட்டுவைப்பது மேல்.