வெறிச்சோடிய தெருவில் வழிப்போக்கர்களைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆளே இல்லாத தெருப் படத்தில் வேறொரு படத்திலிருந்து வெட்டி எடுத்த ஒருவரை வைத்தால், ஒளியும் நிறமும் பொருந்தியிருந்தாலும் அவர் துருத்திக்கொண்டுதான் தெரிவார். அவரோடு சேர்த்துப் பார்க்க அங்கே வேறு யாரும் இல்லை. அதனால்தான் பின்னால் நாலைந்து பேரைச் சேர்க்கிறோம். ஆனால் அவர்களைத் தப்பாக வைத்தால், ஒட்டுவேலை ஓர் ஆளோடு நிற்காமல் ஐந்து பேரிடமும் தெரியும்.

முதல் தவறு, அளவைக் கண்மதிப்பில் வைப்பது. தூரத்தில் இருப்பவர் சின்னதாகத் தெரிவார் என்று குத்துமதிப்பாகச் சுருக்கி, பொருத்தமாகத் தெரிகிற இடத்தில் பாதத்தை வைத்துவிடுகிறார்கள். சமதளத் தெருவில் இதற்குக் கண்மதிப்பு தேவையே இல்லை. நடைபாதை விளிம்பு, கட்டடங்களின் ஜன்னல் வரிசை போன்ற இணைகோடுகளை நீட்டினால் அவை ஒரு புள்ளியில் கூடும்; அந்த மட்டத்தில் கிடையாக இழுக்கிற கோடுதான் அடிவானக் கோடு. அந்தக் கோட்டிலிருந்து ஒருவரின் பாதம் வரை உள்ள இடைவெளி, அவர் எங்கே நின்றாலும், கேமராவின் உயரத்துக்குச் சமம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கேமரா 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தது, அடிவானக் கோடு படத்தின் மேலிருந்து 1800-வது பிக்சலில் இருக்கிறது. உங்கள் முக்கிய ஆளின் பாதம் 3300-ல். இடைவெளி 1500 பிக்சல், அதாவது அங்கே ஒரு மீட்டருக்கு 1000 பிக்சல். அவர் 1.7 மீட்டர் உயரம் என்றால் 1700 பிக்சல் இருக்க வேண்டும். இப்போது ஒரு வழிப்போக்கரின் பாதத்தை 2250-ல் வைக்கிறீர்கள். இடைவெளி 450; மீட்டருக்கு 300 பிக்சல். அதே உயரமுள்ளவர் அங்கே 510 பிக்சல்தான். அவர் தலை கோட்டுக்கு 60 பிக்சல் மேலே வரும். 1.1 மீட்டர் குழந்தை என்றால் 330 பிக்சல், தலை கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். பெரியவர்கள் எல்லாருக்கும் கோடு ஏறக்குறைய கண்மட்டத்தில் போகிறதா என்று பார்த்தாலே போதும், பிசகு பளிச்சென்று தெரிந்துவிடும்.

தெரு ஏற்றமாகவோ இறக்கமாகவோ இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே நடைபாதை விளிம்பு கூடும் புள்ளி அடிவானத்தில் இருக்காது. அந்த இடத்தில் இருக்கிற கதவின் உயரத்தை வைத்துத்தான் ஆளை அளக்க வேண்டும்.

அளவு சரியாக வந்த பிறகும் ஏதோ உறுத்துகிறது என்றால், பாதங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கிட்டே நின்று எடுத்த ஆளைச் சுருக்கித் தூரத்தில் வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. கேமராவை நோக்கி நடந்து வருகிறவரை 3 மீட்டரில் எடுத்தால், முன்கால் பின்காலை விட நன்றாகக் கீழே இறங்கித் தெரியும். அந்த வித்தியாசம் அவர் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு வரைகூட வரும். 13 மீட்டர் தள்ளி நடக்கிறவருக்கோ இரண்டு காலும் கிட்டத்தட்ட ஒரே மட்டம், இருபதில் ஒரு பங்குகூட வராது. கிட்டே எடுத்தவரைச் சுருக்கினால் அவர் சரிவில் இறங்கி வருவதுபோல இருப்பார், எவ்வளவு நிழல் போட்டாலும் தரையில் ஒட்டமாட்டார். தூரத்து ஆளுக்குத் தூரத்திலிருந்து, அதே கேமரா உயரத்தில் எடுத்த படம்தான் வேண்டும். மாடியிலிருந்து எடுத்த கூட்டப் படம் இதற்கு உதவாது.

அப்புறம், ஆட்களை ஒருவரையொருவர் தொடாமல் சம இடைவெளியில் பரப்பி வைப்பது. முக்கிய ஆளைச் சுற்றி மரியாதையாக இடம் விட்டால், அவர் முன்பைவிடத் தனியாகத் தெரிவார். அவருடைய தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து ஒருவர் போகட்டும். இன்னொருவர் விளக்குக்கம்பத்துக்குப் பின்னால், மூன்றாமவர் சட்டகத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டு. இருவரைப் பேசிக்கொண்டு சேர்ந்து நடக்க வையுங்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கலாம், யாரும் கேமராவைப் பார்க்க வேண்டாம். என் கணக்கில், இப்படி மறைந்தும் மறைத்தும் நிற்கிற மூன்று பேர் தனித்தனியாக நிற்கிற பத்துப் பேருக்குச் சமம்.

நிழலுக்கு வெயில் படத்தில் தப்பிக்க வழியில்லை: திசை, நீளம், விளிம்பின் மென்மை மூன்றையும் தெருவில் ஏற்கெனவே விழுந்திருக்கிற கம்பத்தின் நிழலைப் பார்த்தே போட வேண்டும். மேகமூட்டமான படம் என்றால் பாதத்துக்கு அடியில் ஒரு சிறிய, அழுத்தமான கருமையே போதும்.

கடைசியில் கருமையும் கூர்மையும். தூரத்தில் இருக்கிற கருப்புச் சட்டை, அதே தூரத்துக் கதவிடுக்கின் இருட்டை விடக் கருப்பாக இருக்கக் கூடாது. படத்தின் வெளிச்சத்தைத் திருத்துகிற கர்வ்ஸ் கோட்டில், கருமைக்கான அடிமுனையைக் கொஞ்சம் உயர்த்தினால் சரியாகிவிடும். மங்கலை எல்லாருக்கும் ஒரே அளவில் போடாமல், அவரவர் பாதம் படுகிற இடத்தில் தரை எவ்வளவு மங்கியிருக்கிறதோ அவ்வளவு மட்டும் போடுங்கள். மங்கலாக்கும்போது படத்தின் கிரெய்ன் என்கிற பொடிப்புள்ளிகளும் அழிந்துபோகும், அவற்றைத் திரும்பச் சேர்க்காவிட்டால் அந்த ஆள் மட்டும் மெழுகுபோல வழுவழுப்பாகத் தெரிவார்.