9H கண்ணாடியும் அரிச்சல்முனை மணலும்

பாம்பன் பக்கத்துக் கடையில் டெம்பர் கிளாஸ் ஒட்டியபோது ஒரு வித்தை காட்டினார்கள். கட்டர் பிளேடைக் கண்ணாடிமேல் சரக்சரக்கென்று இழுத்தார்கள். ஒரு கோடுகூட விழவில்லை. "9H சார், வைரத்துக்கு அடுத்தது." அடுத்த ஞாயிறு தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை போனோம். அடித்த காற்றில் போன் முழுக்க மணல். வேட்டி நுனியால் ஒரு துடை துடைத்தேன். வீட்டில் விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தால் பிறை பிறையாகக் கீறல்.

தவறு அந்த 9-ஐப் படித்த விதத்தில் இருக்கிறது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, நீலக்கல் 9. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 9H அந்த 9 இல்லை. அது பென்சிலின் எண், பெயின்ட் பூச்சுகளைச் சோதிக்க வந்த முறை. பென்சில் முனையைத் தட்டையாகத் தேய்த்து, 45 டிகிரி சாய்த்து, 750 கிராம் பாரத்தோடு தள்ளுவார்கள். 9H பென்சிலே கீறவில்லை என்றால் 9H. பென்சில் முனை என்பது களிமண்ணும் கிராஃபைட்டும்தான். ஜன்னல் கண்ணாடிகூட இதில் தேறிவிடும்.

மோஸ் கணக்கில் போன் கண்ணாடி ஏறக்குறைய 6. பிளேடு எஃகும் அதை ஒட்டித்தான், பெரும்பாலும் சற்றுக் கீழே. அதனால்தான் கடை வித்தை பலிக்கிறது. நம் கடற்கரை மணலில் நிறைய இருக்கும் குவார்ட்ஸோ 7. எந்த கிளாஸ் ஒட்டினாலும் மணல் கீறத்தான் செய்யும். உப்புக் காற்றைத் திட்டுவதில் பயனில்லை; உப்பு வெறும் இரண்டு, இரண்டரை. (பெட்டியில் 11D என்றும் இருக்கும். அதற்கும் கடினத்துக்கும் சம்பந்தமே இல்லை.)

அப்புறம் டெம்பர் எதற்கு? உடைவதைத் தாங்க. சூடாக்கியோ ரசாயனத்தில் ஊறவைத்தோ அதன் மேற்பரப்பை இறுக்கியிருப்பார்கள், அதனால் சட்டென்று விரிசல் விடாது. கீறலையும் தன்மேல் வாங்கிக்கொள்ளும். உரித்து வேறு ஒட்டலாம். பிளாஸ்டிக் ஃபிலிமில் சாவி பட்டாலே கோடு விழும், ஆனால் நொறுங்காது. இரண்டிலும் மணல் பட்டால் முதலில் ஊதித் தட்டிவிடுங்கள், பிறகு ஈரத்துணியால் அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். உலர்ந்த துணியால் தேய்ப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம்.

என்னைக் கேட்டால் காசு வீணாவது, கிளாஸுக்குப் பதில் திரையில் பூசும் லிக்விட் கார்டில்தான். துளி விட்டுத் தேய்த்துக் காயவைத்தால் மிஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம். "9H வந்துருச்சு" என்பார்கள். அதைப் பூசுவதற்கு முன்பே உங்கள் போன் கண்ணாடி 9H பென்சிலுக்கு மசிந்திருக்காது. விரல் வழுக்கிக்கொண்டு போகும், பிசுக்கு ஒட்டாது; சரி, அதுவரை நல்லது. மணல் பட்டால் கீறல் நேராகத் திரையிலேயே விழும், உரித்துப் போட அங்கே எதுவும் இருக்காது.